புது சி.இ.ஓ.வை ஊழியர்கள் முன்னாடி அறிமுகப்படுத்தணும்: எவ்வளவு புகழலாம்?

வெள்ளைப்பலகை
24 ஆகஸ்ட் 2024, இரவு 9.40

செப்டம்பர் 2, திங்கள் மதியம். எங்க புது சி.இ.ஓ.வை மொத்த ஊழியர்கள் முன்னாடியும் நான் அறிமுகப்படுத்தணும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரேக் உதிரிபாகம் செய்யற கம்பெனி. நிரந்தரத் தொழிலாளர், ஆபீஸ், டிரெய்னி எல்லாம் சேர்த்து 600 பேருக்கு மேல. நான் எச்.ஆர்., 14 வருஷமா இங்கேதான். கேன்டீன் ஷெட்டில் கூட்டம். ஏ ஷிஃப்ட் 2 மணிக்கு இறங்கும், பி ஷிஃப்ட் 2 மணிக்கு ஏறும். 1.35-க்கு லைனை நிறுத்தினா ரெண்டு ஷிஃப்டும் ஒண்ணா கிடைக்கும். எனக்கு 3 நிமிஷம், அப்புறம் அவங்க பேசுவாங்க.

இப்போ இருக்கிறவர் 19 வருஷம் இருந்துட்டு 31-ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். பாதிப் பேருக்குக் கல்யாணத்துக்கு வந்தவர். வர்றவங்க புனேக்காரர், பெண்மணி, எங்க யாருக்கும் பழக்கமில்லாதவர்.

நான் எழுதி வெச்சிருக்கறது:

"தொலைநோக்கும் துணிவும் ஒருங்கே பெற்றவரும், நஷ்டத்தில் தத்தளித்த ஆலையைத் தன் ஆற்றலால் லாபப் பாதைக்குத் திருப்பியவரும், தொழிலாளர் நலனைத் தன் உயிரென மதிப்பவருமான நம் புதிய தலைமைச் செயல் அலுவலரை வருக வருக என வரவேற்கிறேன். அவர் தலைமையில் நம் குடும்பம் புதிய உச்சங்களைத் தொடும் என்பதில் ஐயமில்லை."

ரெண்டு தடவை வாய்விட்டுப் படிச்சேன். உடம்பு கூசுது. இதை எடுத்துட்டுப் பார்த்தா வறண்டு போகுது. அன்பா இருக்கணும், காக்கா பிடிக்கற மாதிரி இருக்கக் கூடாது. எங்கே நிறுத்தறது?

கிண்டி சேல்ஸ்
24 ஆகஸ்ட், இரவு 10.15

ஒரு நிமிஷம் போதும் மேடம். பேர், படிப்பு, இதுக்கு முன்னாடி எந்தக் கம்பெனி, என்ன சாதிச்சாங்க, கைதட்டல், மைக்கைக் கொடுத்துடுங்க. நீளமா பேசினா யாரும் கேக்க மாட்டாங்க. அந்த நஷ்டத்திலிருந்து லாபத்துக்குக் கொண்டுவந்த விஷயத்தை மட்டும் கண்டிப்பா சொல்லுங்க, அதுதான் அவங்களோட கெத்து. நான் 11 வருஷமா டீலர் மீட் நடத்தறேன், இதுதான் என் அனுபவம்.

தாம்பரம் அப்பா
24 ஆகஸ்ட், இரவு 10.52

என் பொண்ணு ஸ்கூல் ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினரை நான்தான் அறிமுகப்படுத்தினேன். தொகுப்பாளருக்கு நல்ல குரல் வேணும், நடுநடுவே ரெண்டு குறள் சொன்னா களை கட்டும். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடிக்கணும். பேப்பரைப் பார்க்காமப் பேசுங்க.

வெள்ளைப்பலகை
24 ஆகஸ்ட், இரவு 11.05

சார், விருந்தினர் ஒரு மணி நேரத்தில் போயிடுவார். இவங்க மறுநாள் காலையிலும் வருவாங்க, நானும் வருவேன். நான் சொன்னது அங்கேயே கிடக்கும். மைக் விஷயத்தை எடுத்துக்கறேன்.

பி ஷிஃப்ட்
25 ஆகஸ்ட், காலை 7.20

மேடம் நான் உங்க கம்பெனி இல்ல, திருமுடிவாக்கம் பக்கம் வேற ஃபேக்டரி. கீழே நிக்கறவன் காதுல எப்படி விழும்னு சொல்றேன்.

"நஷ்டத்தில் இருந்த ஆலையை லாபத்துக்குத் திருப்பினார்" அப்படின்னு நீங்க சொன்ன உடனே எங்க லைன்ல ஒருத்தன் பக்கத்துல இருக்கறவன்கிட்ட கேப்பான், "எத்தனை பேரை அனுப்பினாங்களாம்?" எங்ககிட்ட அதேதான் நடந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி ஒருத்தரை இப்படித்தான் கொண்டுவந்தாங்க. மேடையில அவர் சாதனைன்னு சொன்னதைக் கேட்டு சாயங்காலமே விஆர்எஸ் வரப்போகுதுன்னு பேச்சு. அவர் அப்படி எதுவும் செய்யல. ஆனா ஆறு மாசம் எல்லாரும் பயந்துட்டே வேலை பார்த்தோம்.

"தொழிலாளர் நலனை உயிரா மதிக்கறவர்"னு சொன்னீங்கன்னா அடுத்த மாசம் போனஸ் பேச்சுல அதே வரியைத் திருப்பிச் சொல்வாங்க. சங்கத்துல இருக்கறவங்களுக்கு ஞாபக சக்தி அதிகம்.

பழைய மினிட்ஸ்
25 ஆகஸ்ட், காலை 10.30

மேலே தம்பி சொன்னதுதான் முழு விஷயம். நான் சேர்க்கறதுக்குக் கொஞ்சம் இருக்கு. 30 வருஷத்துக்கு மேல கம்பெனி செக்ரட்டரியா இருந்து ஓய்வு பெற்றவன். நாலு தலைமை மாற்றங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கேன், அதில் ஒண்ணில் நானே மைக் பிடிச்சேன், தப்பும் பண்ணினேன்.

அம்மா, உங்க வாசகத்தை மூணு துண்டாப் பிரிச்சுப் பாருங்க. முதல் துண்டு குணம்: தொலைநோக்கு, துணிவு. அது உங்களுக்கு எப்படித் தெரியும்? எத்தனை தடவை பார்த்திருக்கீங்க? கேக்கறவங்க மனசில் எழற கேள்வி இதுதான். பழகாத ஒருத்தரோட குணத்தைச் சொன்னா, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கறீங்கன்னு புரிஞ்சுடும். ரெண்டாவது துண்டு பழைய சாதனை. அது வேற ஊர்ல, வேற ஆட்களோட நடந்தது, அதைத் தம்பி சொல்லிட்டார். மூணாவது எதிர்காலம்: உச்சங்களைத் தொடும். அது அவங்க சார்பா நீங்க கொடுக்கற வாக்கு. அவங்க கேக்கவும் இல்லை, அதை நிறைவேத்தப் போறது நீங்களும் இல்லை.

மூணையும் எடுத்துட்டா ஒண்ணும் மிஞ்சலைன்னு சொல்றீங்க. மிஞ்சும். நீங்க உங்க கண்ணால் பார்த்த ஒரு விஷயம் இருக்குமே? ஒண்ணே ஒண்ணு. அதைச் சொல்லுங்க, பெயரடை எதுவும் சேர்க்காம. பார்த்ததைச் சொன்னா அது சாட்சி, அதை யாரும் முகஸ்துதின்னு எடுத்துக்க மாட்டாங்க.

கிண்டி தம்பி சுருக்கமா பேசச் சொன்னது சரி. ஆனா பேர், படிப்பு, கம்பெனி வரிசை இப்போ எல்லார் போன்லயும் கிடைக்குது. அதைப் படிச்சா அந்த ஒரு நிமிஷமும் வீண். அதிலிருந்து ஒரே ஒரு தகவலை எடுங்க, உங்க ஆட்களுக்கு அவங்களைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவர்ற தகவலா.

கிண்டி சேல்ஸ்
25 ஆகஸ்ட், காலை 11.10

சார் டீலர்கிட்ட சாதனையைச் சொன்னாத்தான் மதிப்பான். ஆனா ஃபேக்டரி ஆட்கள் விஷயத்துல பி ஷிஃப்ட் சொல்றதை ஒத்துக்கறேன். டீலருக்கு லாபம்னா அவனுக்கும் லாபம். இங்கே அப்படி இல்ல போல.

வெள்ளைப்பலகை
25 ஆகஸ்ட், மதியம் 3.00

பார்த்தது இருக்கு. நல்லதாவே இருக்கு.

ஜூலையில் ஒரு நாள் வந்தாங்க. ஹீட் ட்ரீட்மென்ட்டில் ரிஜெக்ஷன் தொட்டி பக்கத்தில் நின்னு, ஒரு பீஸைக் கையில் எடுத்து, ஆபரேட்டர்கிட்ட, "இதை எங்கே வெச்சுப் பார்த்து ஒதுக்கினீங்க?"ன்னு இந்தியில் கேட்டாங்க. நான் மொழிபெயர்த்தேன். அந்த அண்ணன் ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போய், வெளிச்சத்தில் திருப்பிக் காட்டி, தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரியற இடத்தைக் காமிச்சார். டியூப் லைட்டில் அது தெரியாது, அவர் 20 வருஷமா ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்க்கறார். இவங்க அஞ்சு நிமிஷம் அங்கேயே நின்னு நோட்டில் எழுதிக்கிட்டாங்க. எனக்கு அன்னிக்கே மனசு நிறைஞ்சு போச்சு.

இதைச் சொல்லிடறேன்.

பழைய மினிட்ஸ்
25 ஆகஸ்ட், மதியம் 3.40

அருமையான காட்சி. ஆனா கொஞ்சம் பொறுங்கம்மா. உங்க கம்பெனி பட்டியலிடப்பட்ட கம்பெனியா? போர்டு எந்தத் தேதியில் நியமிச்சது?

வெள்ளைப்பலகை
25 ஆகஸ்ட், மதியம் 3.55

ஆமாம் சார், லிஸ்டட்தான். ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை போர்டு மீட்டிங். அன்னிக்கே பங்குச் சந்தைக்கு அறிவிப்பு போயிடுச்சு.

பழைய மினிட்ஸ்
25 ஆகஸ்ட், மாலை 5.15

அப்போ ஜூலைக் கதையைச் சொல்லாதீங்க.

போர்டு கூட்டத்தில் எடுக்கற இந்த மாதிரி முடிவை, கூட்டம் முடிஞ்ச 30 நிமிஷத்துக்குள்ள சந்தைக்குச் சொல்லணும்னு செபி விதி. அதுக்கு முன்னாடி அது வெளியே தெரியக் கூடாத விஷயம். 600 பேர் முன்னாடி "ஜூலையில் வந்தப்போ"ன்னு நீங்க சொன்னா, அப்போ ஜூலையிலேயே முடிவாயிடுச்சா, யாருக்கெல்லாம் தெரியும், பழையவருக்குத் தெரியுமான்னு கேள்வி ஓடும். சட்டப்படி தப்பு நடந்திருக்கணும்னு இல்லை. தேர்வு செய்யறதுக்கு முன்னாடி ஆலையைக் காட்டறது சாதாரணம். ஆனா அந்த வருகையை அப்போ யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தாங்கன்னா, இப்போ மேடையில் நீங்க வெளிப்படுத்தக் கூடாது. உங்க செக்ரட்டரியைக் கேளுங்க, நான் சொல்றதைத்தான் சொல்வார்.

நான் பண்ணின தப்பும் இந்த ஜாதிதான். போர்டு தீர்மானத்தில் சி.இ.ஓ.ன்னு மட்டும் இருந்தது. நான் ஆர்வத்தில் "நம் புதிய மேனேஜிங் டைரக்டர்"னு சொல்லிட்டேன். எம்.டி. நியமனத்துக்குப் பங்குதாரர் ஒப்புதல் வேணும், டைரக்டராக இல்லாத சி.இ.ஓ.வுக்கு அது வேண்டியதில்லை. நான் சொன்ன ஒரு சொல்லால் அவர் அடுத்த ரெண்டு மாசம், "இல்லைங்க, நான் எம்.டி. இல்லை"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்ல வேண்டி வந்தது. அவருக்குக் கௌரவம் சேர்க்கறதா நினைச்சு அவரைச் சங்கடப்படுத்தினேன். அறிவிப்பில் எந்தப் பதவிப் பெயர் இருக்கோ, எந்தத் தேதி இருக்கோ, அதையே சொல்லுங்க.

வெள்ளைப்பலகை
26 ஆகஸ்ட், இரவு 8.30

செக்ரட்டரி சாரைக் கேட்டேன். ஜூலை வேண்டாம்னு ஒரே வார்த்தையில் சொல்லிட்டார்.

மனசு ஆறலை. அந்த ஜன்னல் வெளிச்சக் காட்சி அவங்களை மட்டும் காட்டலை, எங்க ஆபரேட்டரையும் காட்டுது. அதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

இன்னொரு தடவை ஆகஸ்ட் 20-ஆம் தேதி வந்தாங்க, அறிவிப்புக்கு அப்புறம், எல்லாருக்கும் தெரிஞ்சே. அன்னிக்குப் பெரிசா எதுவும் நடக்கலை. எனக்கு ஞாபகம் இருக்கறது ஒண்ணுதான். கூட்டத்தை 2 மணிக்கு வைக்கலாம்னு நாங்க சொன்னோம். "ஏ ஷிஃப்ட் பஸ் எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டாங்க. 2.20-ன்னோம். "அப்போ பாதிப் பேர் மணியைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க, லைனை முன்னாடியே நிறுத்தினா என்ன?"ன்னு சொன்னாங்க. அதனாலதான் 1.35 ஆச்சு. இது ரொம்பச் சின்ன விஷயமா இருக்கே.

பி ஷிஃப்ட்
26 ஆகஸ்ட், இரவு 10.45

சின்ன விஷயமா? பஸ் போயிடுச்சுன்னா நான் ஷேர் ஆட்டோ புடிச்சு ரெண்டு எடத்துல மாறணும். இதைச் சொல்லுங்க மேடம். கேக்கற ஒவ்வொருத்தனும் அந்த நேரத்துலயே மணியைப் பார்த்து இது நெசம்னு தெரிஞ்சுக்குவான்.

பெருங்குடி 42
27 ஆகஸ்ட், காலை 9.15

நான் ஐ.டி. எங்க ஆபீஸ்ல உள்ளேயிருந்தே ஒருத்தர் சி.இ.ஓ. ஆனார், 15 வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்சவர். அறிமுகம் செஞ்சவர் ஏதோ புதுசா வர்றவர் மாதிரி 10 நிமிஷம் அவர் வரலாற்றை வாசிச்சார். டி.சி.எஸ்.ல 2023 ஜூன் 1-ல் பொறுப்பேற்ற கிருத்திவாசன் 1989-லேருந்து அங்கேயே இருக்கறவர். அந்த மாதிரி ஒருத்தருக்கு அறிமுகமே தேவையில்லை, என்ன மாறுது, என்ன மாறலைன்னு சொன்னாப் போதும். இன்ஃபோசிஸ்ல 2014-ல் விஷால் சிக்கா வந்தப்போ நிலைமை வேற. நிறுவனர்களில் ஒருத்தரா இல்லாத முதல் சி.இ.ஓ., வெளியிலிருந்து வந்தவர். உங்களுது ரெண்டாவது ரகம். பி ஷிஃப்ட், மினிட்ஸ் சார் சொல்றது உங்களுக்குப் பொருந்தும், எல்லாருக்கும் பொருந்துமான்னு எனக்குச் சந்தேகம்.

ஒரு கேள்வி: பழைய சி.இ.ஓ.வே அறிமுகம் பண்ணினா என்ன? நீங்க ஏன்?

வெள்ளைப்பலகை
27 ஆகஸ்ட், இரவு 9.50

அவரே மாட்டேன்னுட்டார். "நான் பேசினா அது என் கூட்டமாயிடும்"னார். 30-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அவருக்குத் தனியா வழியனுப்பு விழா. அங்கே மனசுவிட்டு எல்லாத்தையும் சொல்லப் போறோம்.

கிண்டி சேல்ஸ்
27 ஆகஸ்ட், இரவு 10.20

அப்படின்னா திங்கட்கிழமை அவர் பேரையே எடுக்காதீங்க. எடுத்தா ஒப்பிடுவாங்க.

பழைய மினிட்ஸ்
28 ஆகஸ்ட், காலை 8.00

பேரே எடுக்கலைன்னா அதுவும் ஒப்பீடுதான், மௌனமா நடக்கற ஒப்பீடு. 19 வருஷம் இருந்தவரை மூணு நாள்ல மறந்துட்டாங்கன்னு நினைப்பாங்க. ஒரே வாக்கியத்தில் அவர் பேரைச் சொல்லுங்க. "அவர் விட்ட இடத்திலிருந்து", "அவரைப் போலவே", "அவரையும் மிஞ்சி" இதெல்லாம் மட்டும் வேண்டாம். அடுத்த வாக்கியத்தில் புதியவர். நடுவில் பாலம் போட வேண்டாம்.

அப்புறம் மேடை ஒழுங்கு. நம்ம ஊர்ல மைக் பிடிச்சா "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இயக்குநர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே"ன்னு ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் விளிப்பிலேயே போயிடும். உங்களுக்கு இருக்கறதே மூணு நிமிஷம். "எல்லாருக்கும் வணக்கம்" போதும். யாரையாவது விட்டுட்டோமோங்கற பயமும் இல்லை. பொன்னாடை போர்த்தறதா இருந்தா சங்கத் தலைவர் கையால் ஒண்ணே ஒண்ணு. துறைக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சா அவங்க பேசறதுக்கு நேரமே இருக்காது.

ரொம்ப முக்கியம்: நீங்க பேசப் போறதை அவங்களுக்கு முன்கூட்டியே படிச்சுக் காட்டுங்க. எது வேண்டாம்னு கேளுங்க. பேரை எப்படி உச்சரிக்கணும்னு கேளுங்க.

வெள்ளைப்பலகை
29 ஆகஸ்ட், இரவு 9.10

இன்னிக்கு போனில் பேசினேன். ரெண்டு விஷயம்.

ஒண்ணு, அவங்க குடும்பப் பேர்ல கடைசியில் வர்றது ள. மராத்தியில் அந்த எழுத்து உண்டு. இங்கிலீஷில் எழுதறப்போ வெறும் எல் தானே, நாங்க எல்லாரும் மூணு வாரமா ல-ன்னு சொல்லிட்டு இருக்கோம், கேட் பாஸ்ல கூட தமிழ்ல அப்படித்தான் அடிச்சிருக்கு. "வடக்கே போனா யாரும் சரியா சொல்ல மாட்டாங்க, உங்களுக்கு அந்த எழுத்து இருக்கே"ன்னாங்க. எனக்கு வெட்கமாப் போச்சு. நாளைக்கு பேட்ஜை மாத்தறேன்.

ரெண்டு, நான் ஒரு தகவல் தேர்ந்தெடுத்திருந்தேன்: பெரிய மேனேஜ்மென்ட் கல்லூரியில் படிச்சவங்க. "அதை விட்டுடுங்க. முதல் நாலு வருஷம் ஃபவுண்டரியில் ஷிஃப்ட் இன்ஜினியரா இருந்தேன், அதைச் சொல்லுங்க"ன்னாங்க. அவங்க சொன்னதே சரி.

போனஸ் பத்தியும் கேட்டேன். தீபாவளி அக்டோபர் 31. எங்க ஊர்ல செப்டம்பர் பிறந்தாலே சதவீதம்தான் பேச்சு. சட்டத்தில் குறைஞ்சது 8.33, அதிகபட்சம் 20. இதுக்கு நடுவில் எங்கே நிக்கும்னுதான் ஒவ்வொரு வருஷமும் இழுபறி. சம்பள ஒப்பந்தமும் இந்த வருஷம் முடியுது, புது ஒப்பந்தத்துக்குச் சங்கத்தோட பேச்சு நடந்துட்டிருக்கு. "நலன்", "அக்கறை", "குடும்பம்" மூணையும் எடுத்துட்டேன். குடும்பம்ங்கற சொல்லை எடுக்கறதுக்குத்தான் கஷ்டமா இருந்தது, பழையவர் எப்பவும் சொல்ற சொல் அது. அவர் சொன்னா அதுக்குப் பின்னாடி 19 வருஷம் இருந்தது.

பி ஷிஃப்ட்
29 ஆகஸ்ட், இரவு 11.30

சங்கத் தலைவர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா? கூட்டத்துல வெச்சு முதல்தடவை கேட்டா கோவப்படுவாங்க.

வெள்ளைப்பலகை
30 ஆகஸ்ட், காலை 6.50

சொல்லியாச்சு. பொன்னாடை அவர் கையால்தான். காஞ்சிபுரம் பட்டு வேண்டாம், கைத்தறித் துண்டு போதும்னார். அவரும் "புகழ்ந்து பேசாதீங்கம்மா, நாங்க பேச்சுவார்த்தைக்கு உட்காரணும்"னு சொல்லிட்டுப் போனார்.

தாம்பரம் அப்பா
30 ஆகஸ்ட், காலை 8.05

குறள் ஒண்ணாவது வெச்சுக்கங்கம்மா. தமிழ் மேடைக்கு அழகு.

பழைய மினிட்ஸ்
30 ஆகஸ்ட், காலை 9.30

தலைமையைப் பத்தின குறள் எதை எடுத்தாலும் "இவர் அப்படிப்பட்டவர்"னு சொன்ன மாதிரிதான் ஆகும். அது பின்வாசல் வழியா வர்ற புகழ்ச்சி. இங்கே வேண்டாம். வீட்டுக்கு வர்றவங்களை நாம ஒரே சொல்லில் கூப்பிடுவோம், "வாங்க". அதுல எல்லாம் இருக்கு.

வெள்ளைப்பலகை
1 செப்டம்பர், இரவு 8.00

முடிவா எழுதினது. பேர் இருக்கற இடத்தைக் கோடாக விடறேன்.

"எல்லாருக்கும் வணக்கம். பஸ்ஸுக்கு நேரமாகாம முடிச்சிடுவோம். நம்மளோட 19 வருஷம் இருந்த சார் முந்தாநாள் ஓய்வு பெற்றார், வெள்ளிக்கிழமை நாம எல்லாரும் சேர்ந்து அவரை வழியனுப்பினோம், இன்னிக்கு நம்ம அழைப்பை ஏத்து வந்திருக்கார். இன்னிலேருந்து நம்ம சி.இ.ஓ. பொறுப்பை ஏத்துக்கறவங்க திருமதி ————. புனேக்காரர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாலு வருஷம் ஃபவுண்டரியில் ஷிஃப்ட் இன்ஜினியர், ராத்திரி ஷிஃப்டும் பார்த்தவங்க. எனக்கு அவங்களை அதிகம் தெரியாது. 20-ஆம் தேதி இங்கே வந்தப்போ இந்தக் கூட்டத்தை 2 மணிக்கு வைக்கறதா சொன்னோம். ஏ ஷிஃப்ட் பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க. அதனாலதான் நாம இப்போ 1.35-க்கு உட்கார்ந்திருக்கோம். நான் கண்ணால் பார்த்தது இது. மிச்சத்தை நாம போகப்போகத் தெரிஞ்சுக்கலாம், அவங்களும் நம்மளைத் தெரிஞ்சுக்குவாங்க. வர்ற வியாழக்கிழமை 5-ஆம் தேதி ஹீட் ட்ரீட்மென்ட்டிலிருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு பிரிவுக்கும் வர்றாங்க. ஹீட் ட்ரீட்மென்ட்டில் பீஸ் பார்க்கற ஜன்னல் பக்கம் அவங்களுக்கு நாம காட்ட வேண்டியது நிறைய இருக்கு. மேடம், அம்பத்தூருக்கு வாங்க."

கடிகாரம் வெச்சுப் படிச்சேன், நிதானமா ஒன்றரை நிமிஷம். அந்த ஜன்னலை மட்டும் விட முடியலை. ஜூலையைச் சொல்லலை, நம்ம ஆளோட இடத்தைச் சொல்லியிருக்கேன். சரியா சார்?

பழைய மினிட்ஸ்
1 செப்டம்பர், இரவு 8.25

சரி. "எனக்கு அவங்களை அதிகம் தெரியாது" சொல்றப்போ அவங்க பக்கம் திரும்பி, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னா ஒதுங்கிக்கற மாதிரி கேக்கும்.

கிண்டி சேல்ஸ்
1 செப்டம்பர், இரவு 9.00

நான் இதை ஒத்துக்க மாட்டேன். "அதிகம் தெரியாது"ன்னு எங்க டீலர் மீட்ல சொன்னா மறுநாள் என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. ஆனா மிச்சம் நல்லா இருக்கு. நல்லா பண்ணுங்க.

வெள்ளைப்பலகை
2 செப்டம்பர், இரவு 10.10

முடிஞ்சுது.

"பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க"ங்கற வரி வந்தப்போ பின்னாடி நின்ன ஏ ஷிஃப்ட் ஆட்கள் முதல்ல ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க, அப்புறம் சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்தாங்க. கைதட்டல் இல்லை. ஆனா செல்லைப் பார்த்துட்டிருந்த பத்துப் பதினஞ்சு பேர் நிமிர்ந்தாங்க. பேரை ள-வோட சொன்னப்போ அவங்க முகத்தில் சட்டுன்னு ஒரு சிரிப்பு. அவங்க தமிழ்ல "வணக்கம், உட்காருங்க"ன்னு ரெண்டு சொல், அப்புறம் இந்தியும் இங்கிலீஷும், நான் மொழிபெயர்த்தேன். 2.05-க்கு முடிச்சாங்க.

ஒண்ணு உறுத்துது. பழையவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், மேடையில் இல்லை. அவரைச் சொன்னப்போ வந்த கைதட்டல் நீளமா இருந்தது, எழுந்து நின்னுட்டாங்க. புதியவங்களுக்கு வந்தது அதில் கால்வாசி. அவங்களும் சேர்ந்து கைதட்டினாங்க, எழுந்தும் நின்னாங்க. ஆனா முதல் நாளே அப்படி ஆகவிட்டிருக்கலாமா? அவர் வெள்ளிக்கிழமையோட நின்னிருக்கணுமோ?

பழைய மினிட்ஸ்
3 செப்டம்பர், காலை 8.15

கால்வாசி கைதட்டல் சரியான அளவுதான், முதல் நாளுக்கு வேற என்ன கிடைக்கும்? அவர் வந்தது நல்லதுன்னுதான் நான் நினைக்கறேன்.

பெருங்குடி 42
3 செப்டம்பர், காலை 9.40

நான் நினைக்கலை சார். அவர் வராம இருந்திருந்தா அவங்களுக்கு முழுக் கூட்டமும் கிடைச்சிருக்கும். இதுல நமக்குள்ள ஒத்துப்போகாது.

பி ஷிஃப்ட்
3 செப்டம்பர், இரவு 11.00

மேடம், கான்ட்ராக்ட் ஆட்கள் கூட்டத்துல இருந்தாங்களா? 600 பேர்னு சொன்ன கணக்குல அவங்க இல்லையே.

வெள்ளைப்பலகை
4 செப்டம்பர், காலை 6.40

இல்லை. 200 பேர் போல இருப்பாங்க, பெரும்பாலும் ஒடிசா, பீகார் பையன்கள். கான்ட்ராக்ட் ஆட்களை நாங்க நேரா கூட்டத்துக்குக் கூப்பிட்டா, எங்க நேரடி ஊழியர்னு நாளைக்கு வாதம் வரும்னு சட்டப் பிரிவு சொல்லும், எப்பவும் கூப்பிடறதில்லை. நான் யோசிக்காமலே விட்டுட்டேன். அவங்க லைனும் 1.35-க்கு நின்னுது. ஷெட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாங்க, மைக் சத்தம் அங்கேயும் கேட்டிருக்கும். இந்தியில் அவங்க பேசினது அந்தப் பையன்களுக்குத்தான் மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிஞ்சிருக்கும்.

வெள்ளைப்பலகை
6 செப்டம்பர், இரவு 9.30

நேத்து சொன்னபடி ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு வந்தாங்க. காலை 11 மணிக்கு. ஜன்னல் பக்கம் அந்த அண்ணன் மறுபடி பீஸைத் திருப்பிக் காட்டினார், இந்தத் தடவை சுத்தி பத்துப் பேர் நின்னு பார்த்தாங்க. ஆனா ராத்திரி சி ஷிஃப்ட் ஆட்கள் இன்னிக்குக் காலையில் என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஒவ்வொரு பிரிவுக்கும்னு சொன்னீங்க, எங்களுக்கு எப்போ?" பிரிவுன்னு சொன்னேன், ஷிஃப்ட்னு யோசிக்கலை. ராத்திரி ஷிஃப்டும் பார்த்தவங்கன்னு வேற சொல்லி வெச்சிருக்கேன், அவங்க கேட்டதில் தப்பே இல்லை.

மேடம்கிட்ட சொன்னேன். சதுர்த்தி லீவு முடிஞ்சு 11-ஆம் தேதி ராத்திரி 11 மணிக்கு வர்றேன்னாங்க. நோட்டீஸ் போர்டில் எழுதலாமான்னு கேட்டேன், எழுதுங்கன்னாங்க. தமிழ்லயும் இந்தியிலயும் எழுதி ஒட்டியாச்சு.

பி ஷிஃப்ட்
12 செப்டம்பர், காலை 7.10

வந்தாங்களா?

வெள்ளைப்பலகை
12 செப்டம்பர், காலை 7.45

10.50-க்கே வந்துட்டாங்க. ஜன்னல் ராத்திரியில் உதவாதே, சி ஷிஃப்ட்ல எப்படிப் பார்க்கறீங்கன்னு கேட்டாங்க. டார்ச் வெச்சுத்தான்னு சொன்னாங்க. அந்த டார்ச் அவங்க சொந்தக் காசில் வாங்கினது, எனக்கே நேத்துதான் தெரியும்.